வளைகாப்புக்கு முன் வைரல் லோடு: எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு, வேலூர் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

கர்ப்ப காலத்தில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று தெரியவந்த பெண்களுக்காகவும், அவர்களோடு ஆஸ்பத்திரிக்கு அலையும் கணவர், அம்மா, அக்காமார்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் குழந்தைக்குக் கடைசிப் பரிசோதனை வரை நெகட்டிவ். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு தகவலும் எனக்கு ஒவ்வொரு ஆளிடமிருந்து, பெரும்பாலும் தாமதமாகத்தான் கிடைத்தது. உங்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில், வரிசையாகக் கிடைக்கட்டும்.

முதலில் ஒரு கணக்கு. எந்தச் சிகிச்சையும் இல்லாமல், தாய்ப்பாலும் கொடுத்தால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று போகலாம். தாய் ஒழுங்காக மாத்திரை எடுத்து, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் முழுக்க அடங்கியிருந்தால் 1-க்கும் கீழே. கீழே சொல்லும் எல்லாமே அந்தக் கடைசி நிலைக்குப் போவதற்கான வேலைகள்.

1. ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தனியார் லேபிலோ செய்யும் முதல் பரிசோதனை வெறும் வடிகட்டல்தான். அதில் பாசிட்டிவ் வந்தால் அரசு நம்பிக்கை மையத்துக்குப் போக வேண்டும். அங்கே மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்த பிறகுதான் உறுதி செய்வார்கள். அந்த ரிப்போர்ட் இருந்தால்தான் அடுத்த படியில் பதிவு நடக்கும். செலவு கிடையாது. கணவரையும் அன்றைக்கே கூட்டிப்போய்ப் பரிசோதித்துவிடுங்கள்.

கணவர் பாசிட்டிவ், உங்களுக்கு நெகட்டிவ் என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்கு முன் மறுபடி பரிசோதனை வேண்டும் என்று கவுன்சிலரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தின் நடுவில் புதிதாகத் தொற்றினால் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். குழந்தைக்கு ஆபத்தும் அப்போதுதான் அதிகம்.

2. ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு

வேலூர் மாவட்டத்தில் இருப்பவர்களை நம்பிக்கை மையத்திலிருந்து பெரும்பாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். வேலூரிலிருந்து கணியம்பாடி போகும் பாதையில் இருக்கிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருப்பவர்கள் எந்த மையம் கிட்ட என்று நம்பிக்கை மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: நம்பிக்கை மைய ரிப்போர்ட், முகவரிச் சான்று, இரண்டு போட்டோ, தாய் சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது, ரத்தம் எடுக்கும் வேலை மதியத்துக்கு மேல் இழுக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4, ஹீமோகுளோபின், கிட்னிக்கான கிரியேட்டினின், மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ், காசநோய் அறிகுறிகள் எல்லாம் பார்ப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கர்ப்பிணிக்கு மாத்திரை ஆரம்பிக்க சி.டி.4 ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எத்தனை மாதம் என்பதும் பொருட்டில்லை. "ரிப்போர்ட் வந்ததும் அடுத்த வாரம் வாங்க" என்று யாராவது சொன்னால், "நான் கர்ப்பிணி, இன்றைக்கே ஆரம்பிக்க முடியுமா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். உங்களுக்குப் போகும் ஒவ்வொரு வாரமும் வைரஸ் குறைய வேண்டிய வாரம்.

கர்ப்பத்துக்கு முன்பிருந்தே மாத்திரை எடுப்பவர்கள் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. "வயிற்றில் பிள்ளைக்குச் சூடு" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்தியவர்களை நான் மையத்தில் பார்த்திருக்கிறேன்.

3. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு மோதவிடாதீர்கள்

இப்போது கொடுப்பது டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. அதற்குள் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருக்கின்றன. வைரஸை வேகமாக இறக்குவது டோலுடெக்ராவிர். அதன் பலவீனமும் ஒன்று உண்டு: வெறும் வயிற்றில் கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு சேர்ந்தால் அவை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறவிடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சிரப்பும் அப்படித்தான். அதைச் சாப்பாட்டோடுகூடச் சேர்க்கக் கூடாது.

கர்ப்பிணிக்குத் தினமும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்று, கால்சியம் இரண்டு என்று சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். கொடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு நீங்கள் டி.எல்.டி. எடுப்பது தெரியாமல் இருக்கலாம். ஏ.ஆர்.டி. மையத்தில் உங்கள் கால்சியத்தைப் பற்றிக் கேட்காமல் விடலாம். நடுவில் இருப்பது நீங்கள்தான்.

விதி இதுதான்: டி.எல்.டி.யை அந்த மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். எனக்குச் சரிப்பட்ட நேரம் இப்படி:

காலை 8 மணி, டிபன் சாப்பிட்டதும் முதல் கால்சியம். 11 மணிக்கு இரும்புச்சத்து. மதியம் 1:30, சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். இரவு 9 மணிக்கு டி.எல்.டி., அதற்குப் பிறகு வேறு மாத்திரை இல்லை, தூக்கம்.

சில ஊர்களில் இரண்டாவது கால்சியத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்வார்கள். அதை மதியத்துக்கு நகர்த்தினால் போதும், இரவு முழுக்க டி.எல்.டி.க்கு விட்டுவிடலாம். நெஞ்செரிச்சல் சிரப் வேண்டியிருந்தால் அதையும் பகல் 3 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

4. 32-வது வாரம்: வைரல் லோடு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

32-லிருந்து 36 வாரத்துக்குள் ஒரு வைரல் லோடு பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் என்று பார்ப்பது அது. நீங்கள் எத்தனை வருடமாக மாத்திரை எடுத்தாலும், ஆறு மாதத்துக்கு முன் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று வந்திருந்தாலும், இந்த நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். 1,000-க்குக் கீழே இருந்தால் குழந்தை குறைந்த ஆபத்து உள்ள பிரிவு. 1,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிக ஆபத்து. பரிசோதனையே செய்யவில்லை என்றாலும் அதிக ஆபத்துப் பிரிவில்தான் வைப்பார்கள். அப்படி வைத்தால் பிறந்த குழந்தைக்கு ஒரு மருந்துக்குப் பதில் இரண்டு, தாய்ப்பால் கொடுத்தால் 6 வாரத்துக்குப் பதில் 12 வாரம்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது ஏன் தவறிப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. முடிந்ததும் தாய்வீடு. வளைகாப்பு நடக்கும் நாட்களும் வைரல் லோடு எடுக்க வேண்டிய வாரங்களும் ஒன்றுதான். புருஷன் வீடு வேலூரில், அம்மா வீடு செங்கத்திலோ சித்தூர்ப் பக்கமோ இருந்தால், வேலூர் மையம் இவள் வருவாள் என்று காத்திருக்கும். அம்மா வீட்டுப் பக்கத்து மையத்துக்கு இவளைத் தெரியாது. என் கவுன்சிலர் அக்கா பதிவு நாளிலேயே கேட்ட முதல் கேள்வி, "வளைகாப்பு எப்போம்மா?" என்பதுதான். அப்போது எனக்கு அது வெறும் விசாரிப்பாகத் தெரிந்தது.

ஒரு உதாரணத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசி மாதவிலக்கு 2025 ஜனவரி 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 வாரம் முடிவது ஆகஸ்ட் 13. 36 வாரம் செப்டம்பர் 10. பிரசவத் தேதி அக்டோபர் 8. ரத்தம் கொடுக்க நாலு வாரம் இருக்கிறதே என்று செப்டம்பருக்குத் தள்ளாதீர்கள். மாதிரி லேபுக்குப் போய், முடிவு மையத்துக்குத் திரும்பி வர நாளாகும். வலி முன்கூட்டியே வந்துவிட்டால் ரிப்போர்ட் இல்லாமல்தான் பிரசவ அறைக்குப் போவீர்கள். ஆகஸ்ட் 13-ஐ ஒட்டிய வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். வளைகாப்பு அதற்கு முன் என்றால் பெரியவர்களிடம், "டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

தாய்வீட்டுக்குக் கிளம்பும் முன் மையத்தில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். பிரசவமும் தீட்டுக் காலமும் முடிந்து திரும்பும்வரை போதுமான மாத்திரை. இல்லையென்றால் அந்த ஊர் மையத்துக்கு ஒரு கடிதம். வைரல் லோடு முடிவை யார் போனில் சொல்வார்கள் என்ற தகவல்.

முடிவு 1,000-க்கு மேல் வந்தால் பயந்து ஓட வேண்டாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். முதலில் மாத்திரை தவறியிருக்கிறதா, கால்சியத்தோடு மோதியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரசவத்துக்கு முன் இன்னும் சில வாரம் கையில் இருக்கிறது. டோலுடெக்ராவிர் வேகமாக வேலை செய்யும் மருந்து. சீக்கிரம் பரிசோதனை செய்வதன் இன்னொரு பலன் இது.

5. எங்கே பிரசவம்?

எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. அரசு வழிமுறையும் இதுதான். குழந்தை குறுக்கே இருப்பது, பனிக்குடம் உடைந்து நேரமாவது போல வேறு காரணம் இருந்தால் செய்வார்கள். சுகப்பிரசவத்தில் அவர்கள் கவனிப்பது, பனிக்குடத்தைத் தேவையில்லாமல் முன்கூட்டி உடைக்காமல் இருப்பது, அடிக்கடி உள்பரிசோதனை செய்யாமல் இருப்பது, ஆயுதம் போட்டு எடுப்பதைத் தவிர்ப்பது. வீட்டில் பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று உட்காராதீர்கள், உடனே 108. வலி வந்த நாளிலும் அன்றைய டி.எல்.டி.யை அதே நேரத்தில் போட வேண்டும், பையில் இருக்கட்டும்.

ஒரு தனியார் நர்சிங் ஹோமில் மாதக்கணக்கில் என்னைப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட் தெரிந்ததும் "எங்களிடம் வசதி இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்வதும் கூடாது. கட்டிலில் தனி அடையாளம் ஒட்டினால் கழற்றச் சொல்லலாம். புகாருக்கு 1097-ல் வழி கேளுங்கள். ஆனால் எட்டாம் மாதத்தில் சண்டை போட உடம்பில் தெம்பு இருக்காது. அதனால் நான் சொல்வது, 34-வது வாரத்துக்குள் நம்பிக்கை மையம் உள்ள ஒரு அரசு மருத்துவமனையைப் பிரசவத்துக்கு முடிவு செய்துவிடுங்கள். தனியாரில் பார்ப்பதாக இருந்தாலும் மாத்திரையும் குழந்தை மருந்தும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம்.

பையில் வைக்க: ஏ.ஆர்.டி. புத்தகம், வைரல் லோடு ரிப்போர்ட் நகல், தாய் சேய் நல அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகல். ஏ.ஆர்.டி. புத்தகத்தைத் தனி உறையில் போட்டுக் கணவரிடமோ நிலைமை தெரிந்த ஒருவரிடமோ கொடுங்கள். தாய் சேய் நல அட்டையை வார்டில் எல்லோரும் புரட்டுவார்கள்.

6. குழந்தையின் சிரப்

பிறந்தவுடன், முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், முதல் சொட்டு உள்ளே போக வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பலன் குறைந்துவிடும். சனிக்கிழமை ராத்திரி பிரசவம் ஆகி, மருந்து அலமாரிச் சாவி திங்கள்கிழமைதான் வரும் என்ற நிலை வேண்டாம். 36-வது வாரத்திலேயே, சிரப் எங்கே இருக்கிறது, ராத்திரி யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று கவுன்சிலரிடம் கேட்டு, உங்கள் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

குறைந்த ஆபத்து என்றால் நெவிரபின் சிரப் மட்டும், நாளுக்கு ஒரு முறை, 6 வாரம். அளவு பிறப்பு எடையைப் பொறுத்தது: இரண்டரைக் கிலோவுக்கு மேல் 1.5 மில்லி, இரண்டு முதல் இரண்டரைக் கிலோ வரை 1 மில்லி, இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் டாக்டர் எடைக்கேற்பக் கணக்கிடுவார். அதிக ஆபத்து என்றால் இதோடு ஜிடோவுடின் சிரப்பும் நாளுக்கு இரண்டு முறை. பால்மாவு மட்டும் கொடுப்பவர்களுக்கு 6 வாரம், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு 12 வாரம். 6 வாரத்துக்குப் பிறகு அளவு மாறும். பழைய அளவிலேயே தொடராமல் கேளுங்கள்.

மேலே போட்ட கணக்கைத் தொடர்வோம். அக்டோபர் 4 அன்று 2.7 கிலோவில் குழந்தை பிறக்கிறது, ரிப்போர்ட் 1,000-க்குக் கீழே. தினம் 1.5 மில்லி, 42 நாளைக்கு 63 மில்லி. கீழே சிந்துவது, துப்புவது தனி. டிஸ்சார்ஜ் நாளில் கையில் கொடுக்கும் பாட்டில்களில் அவ்வளவு இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். இல்லையென்றால் மீதியை எந்தத் தேதியில் எங்கே வாங்குவது என்று அங்கேயே கேளுங்கள்.

பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், அடியில் படியும். ஸ்பூன், மூடி எல்லாம் வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் 1.5 கோட்டில் ஒரு பேனாக் கோடு போட்டு வாங்கிக்கொண்டேன், ராத்திரித் தூக்கத்திலும் அளவு தவறவில்லை. கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விட்டால் துப்பாது.

7. பால்: ஒன்று மட்டும், கலக்காமல்

தாய் மாத்திரை எடுக்கும்போது தாய்ப்பால் கொடுக்கலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். பால்மாவு என்று முடிவெடுத்தால் பால்மாவு மட்டும். மாதம் பல ஆயிரம் ரூபாய், கொதித்த தண்ணீர், சுத்தமான பாத்திரம் எல்லாம் விடாமல் கிடைக்கும் என்றால் மட்டுமே அதை யோசியுங்கள். இரண்டையும் கலப்பதுதான் மோசம். வேறு பாலோ உணவோ குழந்தையின் குடலை உறுத்தும், அந்த உறுத்திய இடம் வைரஸுக்கு வழி.

கலப்பு என்றால் புட்டிப்பால் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிறந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து, வசம்பு, கழுதைப்பால் எல்லாமே கலப்புதான். நல்ல மனசோடு வந்து நிற்கும் பெரியம்மாவிடம் மறுப்பது கஷ்டம். "ஆறு மாதம் வரை தண்ணிகூட கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொல்லுங்கள். எல்லாக் குழந்தைக்கும் டாக்டர்கள் சொல்வதும் அதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

காம்பு வெடித்து ரத்தம் வந்தாலோ மார்பு கட்டிக்கொண்டாலோ அந்தப் பக்கம் ஆறும்வரை பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு, மறுபக்கம் மட்டும் கொடுங்கள், டாக்டரையும் பாருங்கள். பத்தியச் சாப்பாட்டு நாட்களில் "மாத்திரை வேண்டாம், பால் கெட்டுவிடும்" என்று வீட்டில் நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பால் கொடுப்பதுதான் ஆபத்து. 6 மாதத்துக்குப் பிறகு சாப்பாடு சேர்த்து, ஒரு வயது வரை பால் கொடுக்கலாம். நிறுத்தும்போது ஒரே நாளில் வெட்டாமல் ஒரு மாதத்தில் படிப்படியாக.

8. ஆறாம் வாரத்திலிருந்து பதினெட்டாம் மாதம் வரை

நம் உதாரணக் குழந்தைக்கு ஆறு வாரம் நவம்பர் 15. முதல் தவணைத் தடுப்பூசிகளும் அப்போதுதான், ஒரே பயணத்தில் முடித்துவிடலாம். குதிகாலில் குத்தி, வட்டம் வட்டமாக அச்சடித்த அட்டையில் ரத்தத்தைச் சொட்டவிட்டு உலர்த்துவார்கள். போகும் வழியில் குழந்தையின் காலைச் சூடாகப் பொத்தி வையுங்கள். குளிர்ந்த காலில் ரத்தம் வராமல் திரும்பத் திரும்பக் குத்த வேண்டிவரும். அன்றைக்கே கோட்ரிமாக்சசோல் மருந்தும் ஆரம்பிப்பார்கள். தொற்று இல்லை என்று முடிவாகும்வரை அது தொடரும்.

முடிவு வரச் சில வாரம் ஆகலாம். அந்தத் தவிப்பில் தனியார் லேபில் சாதாரண எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துவிடாதீர்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் 18 மாதம் வரைகூடக் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். அதனால் நல்ல குழந்தைக்கும் பாசிட்டிவ் காட்டும். அட்டையில் எடுக்கும் சோதனை வைரஸையே தேடுவது, அதை மட்டும் நம்புங்கள். அதில் பாசிட்டிவ் வந்தால் இரண்டாவது மாதிரி எடுத்து உறுதி செய்வார்கள். குழந்தைக்கான சிகிச்சையைத் தள்ளிப்போட விடாதீர்கள், அந்த வயதில் நோய் வேகமாக முற்றும்.

ஆறு வாரத்தில் நெகட்டிவ் வந்துவிட்டது என்று பலர் நின்றுவிடுகிறார்கள். பால் கொடுக்கும்வரை வழி திறந்தேதான் இருக்கிறது. அடுத்தவை 6-வது மாதம், 12-வது மாதம், 18-வது மாதம். உதாரணக் குழந்தைக்கு 2026 ஏப்ரல், 2026 அக்டோபர், 2027 ஏப்ரல். பால் நிறுத்தி 3 மாதம் கழித்து ஒரு பரிசோதனை இருக்க வேண்டும். 18-வது மாதத்தில் பெரியவர்களுக்குச் செய்வது போல மூன்று கிட்டில் பார்த்து, நெகட்டிவ் என்றால் குழந்தையின் பதிவை முடித்துவிடுவார்கள். அந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கி, உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்தோடு வையுங்கள். அன்றைக்கு இரவு 9 மணி மாத்திரை வழக்கம்போல உண்டு.